எங்கள் மூன்று ஏக்கர்: 2024-25 பயிர்வாரிச் செலவு, மகசூல் கணக்கு

இடம்: தஞ்சாவூர் மாவட்டம், ஒரத்தநாடு வட்டம்
நிலம்: சொந்தம் 2 ஏக்கர் (6 மா, போர் மோட்டார் பாசனம்), குத்தகை 1 ஏக்கர் (ஆற்றுப் பாசனம் மட்டும்)
கணக்குக் காலம்: 2024 ஜூன் முதல் 2025 ஏப்ரல் வரை
அளவு: நெல் 1 மூட்டை = 60 கிலோ. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகப் போட்டதையும் மூட்டையாக மாற்றி எழுதியிருக்கிறேன்.

சொந்த நிலம் தம்பிக்கும் எனக்கும் பொது. அவன் திருப்பூரில் இருப்பதால் இந்தக் கணக்கின் நகல் ஒன்று அவனுக்குப் போகும். அதனால் நோட்டில் இருந்ததை அப்படியே எழுதாமல், ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கர் கணக்காகப் பிரித்திருக்கிறேன்.

ஏக்கருக்குச் செலவு (ரூபாய்)

| செலவு | குறுவை | தாளடி | சம்பா (குத்தகை) | உளுந்து |
|---|---|---|---|---|
| உழவு | 4,200 | 3,600 | 4,200 | – |
| விதை, விதை நேர்த்தி | 1,200 | 1,200 | 1,000 | 1,400 |
| நாற்றங்கால், பறி, நடவு | 6,500 | 6,500 | 6,500 | – |
| உரம் | 3,450 | 3,900 | 3,300 | 600 |
| களை | 2,800 | 2,000 | 2,600 | – |
| பூச்சி, நோய் மருந்து | 1,800 | 2,600 | 1,900 | 700 |
| வடிகால் வெட்டிய கூலி | – | 1,200 | 800 | – |
| அறுவடை | 3,000 | 3,900 | 3,900 | 2,400 |
| வண்டி, காயவைத்தல், தூற்றல், கொள்முதல் செலவு | 2,400 | 3,100 | 2,800 | 900 |
| காப்பீடு, இதர | 650 | 1,000 | 1,000 | – |
| கைச்செலவு மொத்தம் | 26,000 | 29,000 | 28,000 | 6,000 |

குறுவை உரம்: டி.ஏ.பி. 1 மூட்டை, யூரியா 2, பொட்டாஷ் அரை, ஜிங்க் சல்பேட் 10 கிலோ. மோட்டாருக்கு இலவச மின்சாரம் என்பதால் மின்கட்டணம் இல்லை. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டதால் வட்டியும் இல்லை. ஒரு நாள் தவறியிருந்தாலும் அது இந்தப் பட்டியலில் ஏறியிருக்கும்.

ஏக்கருக்கு மகசூல், வரவு, லாபம்

| விவரம் | குறுவை | தாளடி | சம்பா (குத்தகை) | உளுந்து |
|---|---|---|---|---|
| ரகம் | ஆடுதுறை 43 | டி.கே.எம். 13 | சி.ஆர். 1009 சப் 1 | ஆடுதுறை 3 |
| பரப்பு (ஏக்கர்) | 2 | 2 | 1 | 2 |
| மகசூல் | 36 மூட்டை | 28 மூட்டை | 33 மூட்டை | 210 கிலோ |
| கிலோ விலை (ரூ.) | 24.50 | 24.50 | 24.05 | 72 |
| விற்ற வரவு | 52,920 | 41,160 | 47,619 | 15,120 |
| வைக்கோல் | 1,500 | 1,200 | 1,500 | – |
| மொத்த வரவு | 54,420 | 42,360 | 49,119 | 15,120 |
| கைச்செலவு | 26,000 | 29,000 | 28,000 | 6,000 |
| குத்தகை | – | – | 15,000 | – |
| கையில் நின்றது | 28,420 | 13,360 | 6,119 | 9,120 |
| வீட்டு உழைப்பு (நாள் ரூ. 500) | 11,000 | 10,000 | 10,000 | 3,000 |
| உழைப்புக் கூலியும் போக | 17,420 | 3,360 | நட்டம் 3,881 | 6,120 |

வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்ட தாளடி நெல்லையும் கொள்முதல் விலைக்கே வரவில் சேர்த்திருக்கிறேன். போன வருடம் அதை விட்டுவிட்டதால்தான் தாளடி தேவைக்கு மேல் மோசமாகத் தெரிந்தது.

வீட்டு உழைப்பு என்று எழுதியிருப்பது நானும் என் மனைவியும் தண்ணீர் கட்டியது, வரப்பு வெட்டியது, உரம் போட்டது, கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக் கிடந்தது எல்லாம். இதற்கு முன் நான் இதைக் கணக்கில் வைத்ததே இல்லை. வைத்துப் பார்த்த பிறகுதான் குத்தகை நிலத்தின் நிலைமை புரிகிறது.

குறுவை. 2024-ல் மேட்டூர் அணை ஜூலை 28-ல்தான் திறந்தது. வழக்கமான ஜூன் 12 தேதியை நம்பி இருந்திருந்தால் குறுவையே இல்லை. போர் தண்ணீரில் ஆனியில் நட்டு, செப்டம்பர் கடைசியில் அறுத்தோம். நெல் நன்றாகக் காய்ந்திருந்தது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் நின்றது. சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டால் 2,450 கிடைத்தது. 18 மூட்டை கண்டால் கைச்செலவு வந்துவிடும். அதற்கு மேல் வந்தது எல்லாம் நமக்கு.

தாளடி. இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்து மழையில், பள்ளத்து 2 மாவிலும் தண்ணீர் ஆறு நாள் வடியவில்லை. பயிர் தூர் கட்டுகிற நேரம். தண்ணீர் வடிந்ததும் கூடுதலாக யூரியாவும் பொட்டாஷும் போட்டும் அது எழும்பவில்லை. களத்திலேயே மேட்டையும் பள்ளத்தையும் தனித்தனியாக அளந்தேன்:

| பகுதி | மா | மொத்த மூட்டை | ஏக்கர் கணக்கில் |
|---|---|---|---|
| மேடு | 4 | 44 | 33 |
| பள்ளம் | 2 | 12 | 18 |

தாளடியில் கைச்செலவு மட்டும் திரும்ப 20 மூட்டை வேண்டும். ஆக, பள்ளத்து 2 மாவுக்கும் சேர்த்து, நம் உழைப்பைச் சேர்க்காமலே சுமார் 900 ரூபாய் கைநட்டம். சராசரி 28 என்று மட்டும் எழுதியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. மேட்டில் தாளடி நல்ல பயிர், பள்ளத்தில் அதைக் காப்பாற்ற வழி செய்ய வேண்டும்.

பள்ளத்தில் சப் 1 ரகம் போட்டால் முழுகித் தாங்குமே என்று பக்கத்து வயல் அண்ணன் சொன்னார். அது 155 நாள் ரகம். அதைப் போட்டால் குறுவையை விட வேண்டும். ஏக்கருக்கு 28,420 தருகிற பயிரை விட எனக்கு மனம் வரவில்லை.

சம்பா. பயிரில் குறை இல்லை. 33 மூட்டை அந்த நிலத்துக்கு நல்ல மகசூல்தான். குத்தகைதான் தின்கிறது. போர் இல்லாததால் அங்கே வருடத்துக்கு ஒரே போகம், குத்தகையோ முழு வருடத்துக்கு 15,000.

உளுந்து. தாளடி அறுப்புக்கு முன் ஈரத்தில் விதைத்தது, ஏக்கருக்கு 10 கிலோ. உழவு இல்லை, களை எடுப்பும் இல்லை. டி.ஏ.பி. கரைசல் இரண்டு தெளிப்பு, அவ்வளவுதான். போட்ட ஒரு ரூபாய்க்கு லாபமாக 1.52 தந்தது. குறுவை தந்தது 1.09, தாளடி 0.46. விலையில் மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டோம். ஆதரவு விலை கிலோ 74, வியாபாரி கொடுத்தது 72.

வருட மொத்தம் (ரூபாய்)

| விவரம் | தொகை |
|---|---|
| சொந்த 2 ஏக்கர், மூன்று பயிரும் (50,900 × 2) | 1,01,800 |
| குத்தகை ஏக்கர் | 6,119 |
| மோட்டார் காயில் கட்டியது (கழிக்க) | 4,800 |
| கையில் நின்றது | 1,03,119 |
| வீட்டு உழைப்பு 116 நாள் (கழிக்க) | 58,000 |
| உழைப்புக் கூலியும் போக | 45,119 |

2025-26-க்கு முடிவு செய்தவை

பள்ளத்து 2 மாவின் தெற்கு வரப்பு ஓரமாக, ஐப்பசிக்கு முன்பே வடிகால் வெட்ட வேண்டும். மழைக்கு நடுவில் ஆள் கூப்பிட்டதால்தான் தாளடியில் 2 ஏக்கருக்கும் சேர்த்து 2,400 போயிற்று.

குத்தகையை 11,000-க்குக் குறைக்கச் சொல்லி நிலத்துக்காரரிடம் இந்தத் தாளைக் காட்டியே பேசப் போகிறேன். 11,000 என்றால் நம் கூலி போக 119 ரூபாய் மிஞ்சும், அதாவது நட்டமில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆடிக்கு முன் நிலத்தை ஒப்படைத்துவிடலாம். தம்பி, இதில் உன் கருத்தைச் சித்திரைக்குள் சொல்லிவிடு.

உளுந்தை வியாபாரி வீட்டுக்கு வந்து கேட்டாலும், முதலில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோய் விலை பார்க்க வேண்டும்.

குறுவையை அப்படியே 2 ஏக்கரிலும் தொடரலாம். விதைக்கு இந்த முறை மேட்டு வயல் நெல்லில் 60 கிலோ தனியாகக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறோம்.