உள் தணிக்கைக் குறிப்பு: கோவைக் கிளையின் புகார் கையாளுதல்

பெறுநர்: சேவைப் பிரிவுத் தலைவர்
சோதித்த காலம்: 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை

ஐயா,

ஏசி, ஆர்.ஓ. பழுதுபார்ப்பில் வந்த புகார்களைச் சோதித்தோம். கணினி அறிக்கையை மட்டும் பார்த்தால் கோவைக் கிளைமேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாடிக்கையாளர்களைக் கேட்டால் கதை வேறு.

பதிவு: கணினியிலிருந்து மாதிரி எடுத்தால், பதியாமல் விட்ட புகார் கண்ணில் படவே படாது. அதனால் முன்மேசை நோட்டு, கிளையின் வாட்ஸ்அப், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றிலிருந்து 60 புகார்களை எடுத்துக் கணினியில் தேடினோம். 11 இல்லை, அதில் 8 வாட்ஸ்அப்பில் வந்தவை. "டெக்னீஷியனிடம் சொல்லிவிட்டோம் சார்" என்றார் முன்மேசை ஊழியர். சொல்லியிருக்கிறார்கள்தான். ஆனால் புகார் எண் இல்லையென்றால் கெடுவும் இல்லை, கேட்பாரும் இல்லை. செயலி வழியாகச் சேவை விற்பதால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி நம் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பதியாத புகாருக்கு இவை எப்படி நடக்கும்?

மேல்நிலைக்கு அனுப்புதல்: 24 மணி நேரம் தாண்டினால் மேற்பார்வையாளர், 48 தாண்டினால் கிளை மேலாளர், 72 தாண்டினால் உங்கள் பிரிவு என்பது நம் நடைமுறை. முடித்ததாகக் காட்டிய 40 புகார்களில் 14 முதல் கெடுவைத் தாண்டியவை. 6 மட்டுமே மேலே போயின. மீதி 8-ம் `Part Pending` நிலையில் இருந்தன. அதில் போட்டால் நேரக் கணக்கு நின்றுவிடும். ஸ்டோர் பதிவேட்டைப் பார்த்தோம்: 5 புகார்களுக்கு உதிரிபாகமே கேட்கவில்லை.

முடித்து வைத்தல்: என்னை மிகவும் வருத்தியது இதுதான். அந்த 40 பேரையும் நாங்களே அழைத்தோம். எடுத்த 31 பேரில் 9 பேருக்குப் பழுது அப்படியே இருக்கிறது. 7 பேர், ஆள் வருவதற்கு முன்பே, புகாரை மூடுவதற்கான ஓடிபியைப் போனில் சொன்னதாகக் கூறினார்கள். பீளமேட்டு அம்மா ஒருவர் சொன்னார்: "ஓடிபி சொன்னாத்தான் ஆள் அனுப்புவோம்னாங்க தம்பி. சொல்லிட்டேன். மூணு வாரமா கேன் தண்ணிதான் வாங்குறோம்." அவர் புகார் 19 மணி நேரத்தில் தீர்ந்ததாகக் கணக்கில் இருக்கிறது.

டெக்னீஷியன்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஊக்கத்தொகை மூடிய புகார்களின் எண்ணிக்கைக்குத்தான் தரப்படுகிறது. சரியான வேலைக்கு அல்ல. 15 நாளில் அதே பழுது திரும்பி வந்தால் ஊக்கத்தொகை கிடையாது என்று மாற்றுங்கள். உதிரிபாகக் கோரிக்கை எண் இல்லாமல் `Part Pending` போட முடியாதபடி ஐ.டி. பிரிவு பூட்ட வேண்டும். வாட்ஸ்அப் புகார்களை அன்று மாலைக்குள் பதிவது கிளை மேலாளரின் பொறுப்பு. மூன்றும் செப்டம்பர் 15-க்குள் முடிய வேண்டும்.

அந்த 9 வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தேதி காத்திருக்க வேண்டாம். பட்டியலை இணைத்திருக்கிறேன், இந்த வாரமே ஆள் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மாலை அவர்களை நாங்கள் மறுபடி அழைப்போம்.

மூத்த தணிக்கையாளர்,
உள் தணிக்கைப் பிரிவு