புறநானூறு 192: வாய்மொழித் தேர்வுக்கு உனக்கு வரப்போகும் கேள்விகள்

தம்பி, வெள்ளிக்கிழமை உனக்கு வாய்மொழித் தேர்வு, பாட்டு ‘யாதும் ஊரே’ என்று சித்தி சொன்னார்கள். காரைக்குடியில் நான் இதே பாட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு முழித்தவள். அந்தச் சொல் ‘ஆகலின்’. அது எங்கே வருகிறது என்று கீழே பார். விடைகளை நீ பேசுவது போலவே எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்யாதே, ரெண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார், போதும்.

பாட்டைச் சொல்லுங்கள்.

(பதின்மூன்று அடியும் தெரிந்திருக்க வேண்டும். ‘கேளிர்’ குறில். ‘கேளீர்’ என்று நீட்டினால் ‘கேளுங்கள்’ என்று பொருள் மாறிவிடும், முதல் அடியிலேயே மதிப்பெண் போகும்.)

யார் பாடியது? எந்த ஊர்?

கணியன் பூங்குன்றனார், ஐயா. கணியன் என்றால் காலம் கணிப்பவர். பூங்குன்றம் என்பது இன்றைய மகிபாலன்பட்டி, நம் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர்ப் பக்கம். சங்கப் பாடல்களில் இவர் பெயரில் இருப்பவை இரண்டுதான், இது ஒன்று, நற்றிணை 226 இன்னொன்று.

திணை, துறை?

பொதுவியல் திணை, பொருண்மொழிக்காஞ்சித் துறை. உயிருக்கு உறுதி தரும் பொருளை எடுத்துச் சொல்வது அந்தத் துறை. புறநானூற்றில் பெரும்பாலும் ஒரு மன்னனோ வள்ளலோ பெயரோடு வருவார்கள். இந்தப் பாட்டில் அப்படி யாரும் இல்லை.

முதல் அடிக்கு என்ன பொருள்?

எல்லா ஊரும் எம் ஊரே, எல்லாரும் எம் உறவினரே. ‘யாதும்’, ‘யாவரும்’ இரண்டிலும் உள்ள உம் முற்றும்மை, ஒன்றையும் மிச்சம் வைக்காது. இந்த அடியைத்தான் 2007இல் அப்துல் கலாம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆனால், ஐயா, முதல் அடியோடு நிறுத்திவிட்டால் அது விருந்தோம்பல் வாசகம் மாதிரி ஆகிவிடுகிறது. ஏன் எல்லாரும் உறவு என்பதற்கான காரணம் பின்னால்தான் வருகிறது.

(இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விடாதே. அடுத்த கேள்வியை நீயே அவர் கையில் எடுத்துக் கொடுப்பது அதுதான்.)

சரி, அந்தக் காரணம் என்ன?

பாட்டின் அச்சாணி ‘தெளிந்தனம் ஆகலின்’ என்ற இடம், ஐயா. ‘தெளிந்துவிட்டோம், ஆகையால்’ என்று பொருள். அதற்கு முன்னால் என்ன தெளிந்தோம் என்று வருகிறது: மழை பெய்து, ஓயாமல் கல்லில் மோதி முழங்கிப் போகிற பெரிய ஆற்றில், நீர் போகிற வழியே புணை, அதாவது தெப்பம், போவது போல, அருமையான உயிரும் முறையின் வழியே போகும் என்பது. ‘ஆகலின்’ என்பதற்குப் பின்னால் முடிவு வருகிறது: பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதைவிட இல்லை. எல்லாரும் ஒரே ஆற்றில் போகிற புணைகள்தானே, ஒரு புணை முன்னால் போனதால் அதைக் கும்பிடவும் வேண்டாம், பின்தங்கியதைப் பழிக்கவும் வேண்டாம். அதனால் முதல் அடி வெறும் ஆசை இல்லை, கடைசி அடி வரை வாதித்து நிறுவப்பட்ட முடிவு.

நான் இங்கேதான் தடுமாறினேன். உவமையை விளக்கி முடித்ததும் தேர்வாளர், ‘அப்புறம் அந்த உவமையால் என்ன?’ என்றார். பதில் வாயில் வரவில்லை. உவமை அழகு என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் விழுகிறார்கள்.

‘தீதும் நன்றும் பிறர்தர வாரா’ என்கிறார். பிறகு உயிர் முறைவழிப் போகும் என்கிறார். முரணாக இல்லையா?

(கெட்ட கேள்வி, ஆனால் நல்ல கேள்வி. அவசரப்படாதே, முரண் மாதிரித் தோன்றுவதை ஒப்புக்கொண்டே ஆரம்பி.)

மேலோட்டமாகப் பார்த்தால் முரண்தான், ஐயா. பழைய உரை ‘முறை’ என்பதற்கு ஊழ் என்று பொருள் சொல்கிறது. எல்லாம் ஊழ்ப்படியே நடக்கும் என்ற ஆசீவக சமயக் கருத்தோடும் சிலர் இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். எனக்குப் படுவது இது: முந்தைய அடி பிறர்மேல் பழி போடுவதைத் தடுக்கிறது, பிந்தையது எல்லாம் நம் சாமர்த்தியம் என்ற இறுமாப்பைத் தடுக்கிறது. இரண்டும் இரண்டு பக்கத்திலிருந்து ஒரே இடத்துக்கு வருகின்றன. என் துன்பத்துக்கு அடுத்தவன் காரணமில்லை என்றால் அவன்மேல் கோபம் எதற்கு, என் உயர்வு என்னால் மட்டும் வந்ததில்லை என்றால் தலைக்கனம் எதற்கு? கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு என்று பாட்டில் எங்கும் இல்லை.

‘வாரா’ இலக்கணக் குறிப்பு?

பலவின்பால் எதிர்மறை வினைமுற்று. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் இல்லை, ஐயா, பின்னால் தொடர்கிற பெயர் இல்லையே. ‘தீதும் நன்றும்’ எழுவாய், ‘வாரா’ பயனிலை.

(‘வாரா’ என்றதும் ஈறுகெட்ட பெயரெச்சம் என்று வாய் தானாகப் போகும். கவனம்.)

‘படூஉம்’, ‘தலைஇ’, ‘ஆருயிர்’?

இன்னிசை அளபெடை, சொல்லிசை அளபெடை, பண்புத்தொகை.

‘அதனினும் இலமே’. ஏன் ‘அதனினும்’? ‘இகழ்தலும் இலமே’ என்றாலே போதுமே?

இரண்டும் ஒரே எடை இல்லை என்று காட்டத்தான், ஐயா. பெரியவரைப் பார்த்து வியந்துவிட்டால் யாருக்கும் பெரிய கேடு இல்லை. சிறியவரை இகழ்ந்தால் அவர் மனம் நோகும். அதனால் முன்னதைச் செய்ய மாட்டோம், பின்னதை அதைவிடவும் செய்ய மாட்டோம் என்கிறார். இரண்டையும் சமமாக வைத்துப் பேசியிருந்தால் நடுநிலையாக இருந்திருக்கும், ஆனால் கருணை வந்திருக்காது.

(என் அபிப்பிராயத்தில் பாட்டிலேயே நல்ல சொல் இதுதான். அவர் கேட்காவிட்டாலும் எங்காவது நீயாகவே கொண்டுவந்து விடு.)

வாழ்வில் பொருத்தி ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

(மேடைப்பேச்சு உதாரணம் வேண்டாம். நம் ஊரையே சொல்.)

எங்கள் ஐயாவின் அப்பா பர்மாவில் கடை வைத்திருந்தார், ஐயா. வீட்டு முகப்புத் தூண்கள் பர்மாத் தேக்கு. 1942இல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தபோது, எத்தனையோ பேர் கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு நடந்தே திரும்பினார்கள். அவர் வெறுங்கையோடு வந்து சேர்ந்தாராம். போகும்போதும் அவர்தான், வரும்போதும் அவர்தான், புணை மட்டும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. இன்று அந்தப் பெரிய வீட்டில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. தூணைப் பார்த்து வியக்க வருகிறவர்கள் வருகிறார்கள், பக்கத்து ஓட்டு வீட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும்போதுதான் கடைசி இரண்டு அடியும் எனக்குப் புரிந்தது.

கண்மாயும் ஊருணியும் உள்ள ஊர்க்காரர் ஏன் ஆற்றை உவமையாக எடுத்தார்?

(இது என்னைக் கேட்டது, உன்னைக் கேட்காமலும் போகலாம்.)

கண்மாய்த் தண்ணீர் தேங்கி நிற்கும், ஐயா. அதில் புணையை விட்டால் நாம் தள்ளுகிற பக்கம்தான் போகும். தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகிற நீர் அவருக்கு வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை ராத்திரி போன் பண்ணு, ஒரு தடவை நானே தேர்வாளர் மாதிரி கேட்கிறேன். பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதே.