மடை திறந்த செய்தி: அச்சுக்கு முன் ஒரு பிரதி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நம் நலச்சங்கச் செய்திமடலுக்காக நீங்கள் எழுதித் தந்த குளத்துப் பணி அறிக்கையை முழுவதும் படித்தேன். மடைக்குள் தொரட்டியை விட்டு வேர்க்கொத்தை இழுத்ததும் சானலில் தண்ணீர் பாய்ந்த செய்தி, 8 பக்க அறிக்கையில் 6ஆம் பக்கத்தில்தான் வருகிறது. அன்று வராதவர்களையும் அடுத்த முறை குளத்தில் இறங்க வைக்கக்கூடியது அதுதான் என்பதால், அதையே தொடக்கமாக்கியிருக்கிறேன்.

செயற்குழுத் தீர்மானமும் மனு கொடுத்த விவரங்களும் வரவு செலவும் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்க வேண்டியவை. அவற்றை அங்கே அப்படியே சேர்க்கும்படி செயலாளரிடம் சொல்லிவிட்டேன். உதவியவர்களில் ஒருவர் பெயரும் விடுபடாமல் பத்தியின் கீழே கட்டம் கட்டிப் போடுகிறோம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சர் தலமானது பற்றி அருமையாக எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் அது இந்தப் பத்திக்குள் அடங்காது, வலசைப் பறவைகள் வரும் பருவத்தில் தனியே வரட்டும். ‘அகற்றப்பட்டது’, ‘மேற்கொள்ளப்பட்டது’ என்று இருந்த இடங்களிலெல்லாம் வேலை செய்தவர்களைக் கொண்டுவந்திருக்கிறேன். அவர்கள் நம் தெருக்காரர்கள் அல்லவா?

மடை திறந்தது

வேர்க்கொத்து வெளியே வந்ததும் முதலில் சேறும் பிறகு தெளிந்த நீருமாகச் சானலில் பாய்ந்தது. கரையில் நின்ற பாட்டி ஒருவர், “கும்பப்பூவுக்குத் தண்ணி வந்தாச்சு மக்களே” என்றார்.

கன்னிப்பூ அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் தெருக்களிலிருந்து 40 பேர் குளத்தில் இறங்கினோம். தண்ணீரே தெரியாதபடி மூடிக்கிடந்த ஆகாயத்தாமரையை இளைஞர்கள் கயிற்றால் வளைத்து இழுக்க, கரையில் நின்றவர்கள் அதை வாரிச் சுமந்து தொலைவில் இருந்த மேட்டில் குவித்தார்கள். கரையோரம் விட்டுவைத்தால் மழை அதை மீண்டும் குளத்தில் சேர்த்துவிடும். சிறு தண்டு மிஞ்சினாலும் மறுபடி பரவிவிடும். மதியம் அனைவரும் கஞ்சியும் பயறும் உண்டோம்.

வேலை இன்னும் முடியவில்லை. இச்செடியின் விதை சேற்றில் பல ஆண்டுகள் கிடந்தும் முளைக்கும். வீட்டுக் கழிவுநீர் குளத்தில் சேரும் வரை அதற்கு உரத்துக்கும் குறைவிருக்காது. இனி மாதந்தோறும் முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு மடையருகே கூடுவோம். தொரட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.

அண்ணாச்சி, பாட்டி சொன்னதை நீங்கள் எழுதியபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். அவர் பெயரைப் போடச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள். வந்தவர்கள் 40 பேர் என முதல் பக்கத்திலும், 46 பேர் எனக் கடைசிப் பக்கத்திலும் இருக்கிறது. எது சரி என்று வியாழக்கிழமைக்குள் தெரிவித்தால் மறுநாள் அச்சகத்துக்கு அனுப்பிவிடுவேன்.

தங்கள் அன்புத் தங்கை,
செய்திமடல் ஆசிரியர்