இலைத்திரி

நான் காட்ட நினைத்தது வண்ணத்துப்பூச்சியை. இறக்கையில் விழுந்திருந்த வெயில்கூடப் படத்தில் தெளிவாக வந்திருந்தது. பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கைபேசியை வாங்கினார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அழகாக இருக்கிறதா, பாட்டி?"

"இந்தப் பூச்சியைக் கொஞ்சம் தள்ளு, கண்ணு. பின்னால் இருக்கிற செடியை மறைக்கிறது."

படத்தில் பூச்சியைத் தள்ள முடியாது என்று நான் சொல்வதற்குள், அவர் விரல்கள் பட்டுப் படம் பெரிதாகி, ஓரத்தில் இருந்த இலை திரை முழுவதையும் நிறைத்தது. தடித்த, சாம்பல் பூத்த பச்சை இலை. அதற்கு மேலே வெளிர் ஊதாப் பூக்கள். அந்தச் செடியின் முன்னால் அரைமணி நேரம் குந்தியிருந்தேன். அது என் கண்ணில் படவே இல்லை.

"தண்டு சதுரமாக இருந்ததா?"

"பார்க்கவில்லை."

"இலையைத் தொட்டாயா?"

"இல்லை, பாட்டி."

அவர் கட்டைவிரலால் திரையை மெல்லத் தேய்த்தார். படம் நழுவி நழுவி ஓடியது. மறுபடியும் தேய்த்தார். அவர் அந்தக் கண்ணாடியில் இலையின் சுணையைத் தேடுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"பெயர் வர மாட்டேன் என்கிறது. உன் அப்பாவுக்குப் பல் முளைத்தபோது காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகத் துவண்டு கிடந்தான். என் மாமியார் இந்த இலையைத்தான் கொதிக்கவைத்து, வடிகட்டிச் சங்கில் புகட்டினார். அவர் போன பிறகு நான் இதைப் பார்க்கவே இல்லை."

அன்று இரவு இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தார். நீர் வேண்டுமா என்று கேட்டேன். "பெயர்தான் வேண்டும்" என்றார்.

விடிந்ததும் ஓடினேன். தண்டு சதுரம்தான். இலை வெல்வெட் துணிபோல இருந்தது. கிள்ளியதும் காரமான வாசம் விரலில் ஏறியது. ஒரு கிளையை ஒடித்துவந்து பாட்டியின் மடியில் வைத்தேன். முகர்ந்தார், கண்ணை மூடினார். அப்போதும் பெயர் வரவில்லை.

"அகலில் எண்ணெய் ஊற்றிக் கொண்டுவா."

தளிர் இலை ஒன்றைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துத் திரித்தார். நடுங்கும் அந்தக் கைகள் திரிக்கும்போது நடுங்கவில்லை. எண்ணெயில் தோய்த்து, நுனியை வெளியே நீட்டிவைத்துப் பற்றவைத்தார். பச்சை இலை எங்காவது எரியுமா என்று நினைத்தேன். சற்றுப் படபடத்து, பிறகு பஞ்சுத்திரியைப் போலவே நின்று எரிந்தது.

"பேய்மிரட்டி!" என்றார் பாட்டி. குரல் உடைந்திருந்தது. "பேய்மிரட்டி. என் மாமியார் வெதுப்படக்கி என்றும் சொல்வார். குழந்தை இருட்டில் வீறிட்டு அழுதால் இந்தத் திரியைத்தான் ஏற்றிவைப்பார்."

சுடர் அடங்கும்வரை இருவரும் பேசவில்லை.

"அங்கே எத்தனை செடி இருக்கிறது?"

"மூன்று."

"விதை முற்றட்டும். நானும் வருகிறேன்."