இரண்டாம் ஆண்டு நோயியல் டுடோரியல்: ஆன்கோஜீனும் கார்சினோஜெனும், வினாவும் விடையும்

விடையை மூடி வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். பெயருக்கு அரை மதிப்பெண்தான், மீதியெல்லாம் காரணத்துக்கு.

1. ஒன்றரை வயதுக் குழந்தை, இரண்டு கண்மணியிலும் வெள்ளையாகத் தெரிகிறது. அப்பாவுக்குச் சிறுவயதிலேயே ஒரு கண்ணை எடுத்திருக்கிறார்கள். எந்த மரபணு? குடும்பத்தில் ஓங்கு பண்பாக வரும் இந்த நோய், செல்லுக்குள் ஒடுங்கு பண்பாக நடப்பது எப்படி?

விடை: 13-ஆம் குரோமோசோமின் நீள்கரத்தில் உள்ள ஆர்.பி. அது கட்டியை அடக்கும் மரபணு. இரண்டு பிரதியும் போனால்தான் செல் கட்டுப்பாட்டை இழக்கும். இந்தக் குழந்தையின் எல்லாச் செல்களிலும் ஒரு பிரதி பிறவியிலேயே பழுது. விழித்திரையில் பிரிந்து பெருகும் செல்களோ ஏராளம். அவற்றில் ஏதாவது ஒன்றில் மீதிப் பிரதியும் கெடுவது ஏறக்குறைய உறுதி. அதனால்தான் குடும்பத்தில் ஓங்கு பண்பு போலத் தெரிகிறது. பரம்பரையில் வராத குழந்தைக்கு இரண்டு அடியும் ஒரே செல்லில் விழவேண்டும். ஆகவே பெரும்பாலும் ஒரே கண், சற்றுத் தாமதமாக. நட்சன் 1971-இல் சொன்ன ‘இரண்டு அடி’ இதுதான். வெறுமனே ‘டூ ஹிட்’ என்று எழுதிவிட்டு நகராதீர்கள்.

2. அப்படியானால் ராஸில் ஒரு பிரதி கெட்டாலே போதுமே, ஏன்?

விடை: இது இழப்பு அல்ல, மிகை. 12-ஆம் கோடானில் ஒரு புள்ளி மாற்றம் வந்தால் ராஸ் புரதம் GTP-யை உடைக்க முடியாமல், ‘ஆன்’ நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். நல்ல பிரதி பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

3. எச்.பி.வி 16-இன் இ6, இ7 புரதங்கள் எவற்றை முடக்குகின்றன?

விடை: இ6 பி53-ஐ, இ7 ஆர்.பி-யை. மாற்றி எழுதுவது வழக்கமான தவறு. வைரஸ் டி.என்.ஏ நம் குரோமோசோமில் நுழையும்போது இ2 சிதைந்தால், இவற்றை அடக்கிவைக்க ஆளில்லை.

4. எலித் தோலில் முதலில் புரோமோட்டர், பிறகு ஒரே ஒருமுறை இனிஷியேட்டர். கட்டி வருமா?

விடை: வராது. வரிசையை மாற்றினால் வரும், நடுவில் சில மாதங்கள் கழிந்தாலும் சரி. இனிஷியேட்டர் டி.என்.ஏ-வில் போட்ட தழும்பு அழியாது. புரோமோட்டர் அப்படிப்பட்ட செல்லைப் பெருக்க மட்டுமே செய்யும்.

5. பூஞ்சை பிடித்த நிலக்கடலைக்கும் கல்லீரல் புற்றுக்கும் என்ன தொடர்பு?

விடை: ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் சுரக்கும் அஃப்ளாடாக்சின் பி1. அது நேரடியாகத் தாக்காது. கல்லீரலின் சைட்டோகுரோம் நொதிகள் அதை எபாக்சைடாக மாற்றிய பிறகே டி.என்.ஏ-வில் ஒட்டும். பி53-இன் 249-ஆம் கோடானில் ஜி இருந்த இடத்தில் டி வந்திருந்தால் இதன்மேல் சந்தேகப்படலாம். கூடவே ஹெபடைடிஸ் பி இருந்தால் ஆபத்து பல மடங்கு.