பணி ஓய்வுக்குப் பின்: ஜாதகப் பலன்

ஐயா, தங்கள் ஜாதகம் பார்த்தேன். கன்னி லக்னம், மிருகசீரிஷம் முதல் பாதம், ரிஷப ராசி. மின்வாரியத்தில் இத்தனை வருஷம் ஓடியதற்குக் காரணம் ஆறாம் இடத்தில் ஆட்சி பெற்ற சனி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தாலும் எழுந்து போக வைக்கிற சனி அது! அவருடைய 19 வருஷ தசை, ஓய்வு பெற்ற கையோடு முடிந்திருக்கிறது. "காலையில் எழுந்தால் கை வெறுமையாக இருக்கிறது" என்றீர்களே, அதில் வியப்பில்லை. ஆனால் இதைக் கெட்ட நேரம் என்று எண்ண வேண்டாம்.

இப்போது நடப்பது புதன் தசை, 17 வருஷம். உங்கள் லக்னத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் அவரே அதிபதி. அதனால் தொழில் முடிந்தது என்று ஜாதகம் சொல்லவில்லை. உடம்பால் ஓடுவது போய், சொல்லிக்கொடுப்பதும் எழுதுவதும் வருகிறது. ஒன்பதில் சந்திரனோடு இருக்கும் குரு லக்னத்தையும் ஐந்தாம் இடத்தையும் பார்க்கிறார். ஐந்து என்றால் பிள்ளைகள், சீடர்கள். ஐ.டி.ஐ. படிக்கும் தெருப் பையன்கள் இரண்டு பேரை மாலையில் உட்காரவைத்து வயரிங் சொல்லிக்கொடுங்கள். காசு வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம்.

மறுபடி சம்பள வேலைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், ஆனால் முதல் வருஷம் வேண்டாம். மகன் கடையில் கல்லாவில் உட்காரும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, இருவருக்கும் மனஸ்தாபம் வரும்.

பரிகாரம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு புதன்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு திருவெண்காடு போய் வாருங்கள். பச்சைப்பயறு சுண்டல் செய்து நாலு பேருக்குக் கொடுங்கள்.