கோட்டைப் பார்த்து ஓடும் ரோபோக்களுக்கு வரவேற்பு

எல்லோருக்கும் காலை வணக்கம். ராத்திரி முழுக்க சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்த கண்கள் இங்கே நிறையத் தெரிகின்றன. ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு இப்போதும் ஒரு ஒயரைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் அப்படியே திருகுங்கள், காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள். கோட்டைப் பார்த்துத் தானே ஓடும் ரோபோக்களின் இந்தப் போட்டிக்கு உங்கள் எல்லோரையும் எங்கள் துறையின் சார்பில் மனதார வரவேற்கிறேன்.

முதலில் களம். எட்டடிக்கு நான்கடி பலகைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டிருக்கிறோம். வெள்ளைத் தளம், 25 மில்லிமீட்டர் அகலத்தில் கறுப்புக் கோடு. வழியில் ஒரு செங்கோணத் திருப்பம், ஒரு குறுக்குச் சந்திப்பு, அப்புறம் ஐந்து சென்டிமீட்டருக்குக் கோடே இல்லாத ஓர் இடைவெளி. கோட்டின் முடிவில் சிவப்பும் நீலமுமாக மூன்று கட்டைகள் இருக்கும். அவற்றை அதே நிறக் கட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பலகைகள் சேரும் இடத்தை எல்லா அணிகளும் விரலால் தடவிப் பாருங்கள். தேய்த்துச் சமப்படுத்தியும் மெல்லிய மேடு ஒன்று மிச்சம் இருக்கிறது. முன்சக்கரம் சின்னதாக உள்ள ரோபோ அதில் தட்டித் திரும்பலாம். இது எல்லோருக்கும் பொது என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அரங்கின் திரைகளை மூடியிருப்பதற்கும் காரணம் உண்டு. வெயிலில் அகச்சிவப்புக் கதிர் கலந்திருக்கிறது. உங்கள் ஐஆர் சென்சாருக்கு அதுவும் வெள்ளைத் தளத்திலிருந்து வரும் ஒளியும் ஒன்றுதான். நேற்று ஆய்வகத்தில் எடுத்த அளவுகளை இங்கே நம்ப வேண்டாம். ஓட்டத்துக்கு முன் களத்திலேயே ஒரு நிமிடம் தருகிறோம், அதில் சென்சாரை அளவு திருத்திக்கொள்ளுங்கள். பார்வையாளர்களே, படம் எடுங்கள், பிளாஷ் மட்டும் வேண்டாம். கட்டையின் நிறத்தைப் பார்க்கும் சென்சார் அதில் குழம்பிப்போகும்.

சரி, புள்ளிகள். ஓர் ஓட்டத்துக்கு நான்கு நிமிடம். வழியில் ஐந்து சோதனைப் புள்ளிகள், கடக்கும் ஒவ்வொன்றுக்கும் 10. சரியான கட்டத்தில் சேர்த்த கட்டைக்கு 20, தப்பான நிறத்தில் வைத்தால் 5. எல்லாவற்றையும் சரியாக முடித்தவர்களுக்கு மட்டும், மீதமுள்ள ஒவ்வொரு இரண்டு விநாடிக்கும் ஒரு புள்ளி கூடுதல். ரோபோவைக் கையால் தொட்டால் 5 போகும். கடைசியாகக் கடந்த சோதனைப் புள்ளியிலிருந்து மறுபடி கிளம்ப வேண்டும், கடிகாரம் நிற்காது. இரண்டு சுற்றில் எது அதிகமோ அதுதான் கணக்கு.

வேகம் மட்டும் போதாது என்பதை இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம். ஓர் அணி எல்லாவற்றையும் முடித்து 110 எடுக்கிறது, பத்து விநாடி மிச்சத்துக்கு 5 சேர்கிறது, ஆனால் ஆறு தடவை தொட்டதில் 30 போய் 85-இல் நிற்கிறது. இன்னோர் அணி மெதுவாகப் போய் இரண்டே கட்டை சேர்க்கிறது, ஒரு தடவைகூடத் தொடவில்லை, அதற்கு 90. தானே ஓடும் ரோபோவுக்குத்தான் இங்கே மரியாதை.

அதனால்தான் புளூடூத், வைஃபை மாட்யூல்களைக் கழற்றிவிட்டு வரச் சொல்கிறோம். ‘அணைத்து வைத்திருக்கிறோம் சார்’ என்பதை ஏற்க மாட்டோம். உங்களை நம்பாமல் இல்லை; பக்கத்து அணிக்குச் சந்தேகமே வரக் கூடாது. இணையத்தில் கிடைத்த நிரலைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் கோடு இல்லாத இடத்தில் உங்கள் ரோபோ எப்படி முடிவெடுக்கிறது என்று நடுவர் கேட்டால், அணியில் யாராவது ஒருவர் விளக்க வேண்டும். விளக்க முடியாவிட்டால் அந்தச் சுற்றுக்குப் புள்ளி இல்லை. பேராசிரியர்களே, கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். தயவுசெய்து கீபோர்டைத் தொடாதீர்கள்.

நடுவர் கூட்டலில் தவறு செய்தால், தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அணித் தலைவர் வந்து சொல்லலாம். உங்களுக்குக் கூடுதலாகப் போட்டிருந்தாலும் வந்து சொல்லுங்கள். பக்கத்து மேசையில் ஒருவருக்கு மோட்டார் டிரைவர் புகைந்துபோய், உங்களிடம் உபரியாக ஒன்று இருந்தால், கொடுங்கள். அதைத் தடுக்கும் விதி எங்களிடம் இல்லை.

பேட்டரி விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பேன். மூன்று செல் லித்தியம் பாலிமர் முழுதாக ஏறினால் 12.6 வோல்ட், அதற்கு மேல் அனுமதி இல்லை. சார்ஜ் போடுவது மணல் வாளி வைத்திருக்கும் மேசையில் மட்டும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். உப்பிய பேட்டரியைக் கண்டால் உடனே எங்களிடம் கொடுத்துவிடுங்கள், புள்ளி எதுவும் குறையாது.

முதல் நான்கு அணிகள் ரோபோவோடு இடப்பக்கப் பரிசோதனை மேசைக்கு வாருங்கள். மற்றவர்களுக்குப் பயிற்சிக் களம் திறந்திருக்கிறது, ஓர் அணிக்கு ஐந்து நிமிடம். நல்லா ஓட்டுங்க!